டீக்கடை போர்டில் பெயருக்குக் கீழே ஒரு வரி: ஐந்தில் எது நிற்கும்?

கோவைப் பக்கம் பேக்கரி என்றாலே டீக்கடையும் சேர்ந்ததுதான். முன்னால் பாய்லர், பக்கத்தில் கண்ணாடி அலமாரி, பின்னால் சின்ன ஓவன். அப்படி ஒரு தெருமுனைக் கடையை எடுத்துக்கொள்வோம். போர்டு 8 அடி அகலம். பெயருக்குக் கீழே ஒரு வரிக்குத்தான் இடம் இருக்கிறது. அந்த இடத்துக்கு ஐந்து வரிகள் போட்டி போடுகின்றன: ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’, ‘கலப்படம் இல்லாத டீ’, ‘வீட்டுச் சுவை’, ‘மாலை நாலரை மணி முதல் சூடான பன்’, ‘சர்க்கரை எவ்வளவு? சொல்லுங்க’.

முதல் வரியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. ஜவுளிக்கடை, சிமெண்ட் ஏஜென்சி, டிரைவிங் ஸ்கூல் என எதன் போர்டிலும் அதை மாட்டிவிடலாம். டீ குடிக்க வந்தவர் அதைச் சரிபார்க்க வழியே இல்லை. அதனால் கண் அதைத் தாண்டிப் போய்விடுகிறது.

‘கலப்படம் இல்லாத டீ’ நல்ல எண்ணத்தில் எழுதப்படுவதுதான். ஆனால் படிப்பவர் மனதில் முதலில் விழும் சொல் கலப்படம். பக்கத்துக் கடைக்காரருக்கோ அது தன்னைக் குத்துவதாகப் படும். இதன் தம்பியான ‘தண்ணீர் கலக்காத பால்’ இன்னும் ஆபத்து. டிக்காஷனே பெரும்பாலும் தண்ணீர்தான், கொதித்துக் கொதித்துப் பால் கெட்டியாகும்போது மாஸ்டர் அரை டம்ளர் வெந்நீர் விடுவதும் வழக்கம். எதிரே நிற்கிறவர் அதைப் பார்த்துக்கொண்டுதான் நிற்பார்.

‘வீட்டுச் சுவை’ அடக்கமாகத் தெரிகிறது, ஆனால் உண்மையாக இல்லை. பாய்லர் வெந்நீர், துணி வடிகட்டியில் டஸ்ட் டீ, உயரத் தூக்கி ஆற்றிய நுரை, இதற்காகத்தான் வீட்டில் குடித்தவரும் தெருவுக்கு வருகிறார். சட்டச் சிக்கலும் இருக்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018 விளம்பர விதிமுறைகள் ‘வீட்டில் செய்தது’ என்று தவறாக எண்ண வைக்கும் சொற்களைத் தடுக்கின்றன. ‘ஃபிரெஷ்’ என்ற சொல்லையும் கழுவுவது, தோல் உரிப்பது, நறுக்குவது, குளிரவைப்பது போன்றவற்றுக்கு மேல் எதுவும் செய்யாத பொருளுக்கே விட்டுவைக்கின்றன. ஓவனில் வெந்த பன் அந்தக் கணக்கில் வராது.

மிச்சம் இரண்டு. உண்மையான போட்டி இவற்றுக்கு நடுவில்தான். இரண்டுமே கடையைப் புகழவில்லை. இரண்டையும் வாடிக்கையாளர் அங்கேயே நின்று சோதித்துவிடலாம், ஒன்றைக் கடிகாரத்தால், இன்னொன்றை நாக்கால்.

பன் வரியை முதலில் பார்ப்போம். நாலரைக்குச் சூடான பன் என்றால் பின்பக்கம் என்ன நடக்க வேண்டும்? மாவு பிசைய கால் மணி, முதல் உப்பலுக்கு ஒரு மணி, வெட்டி உருட்டித் தட்டில் வைக்க அரை மணி, தட்டில் மறுபடி உப்ப ஒரு மணி, ஓவனில் கால் மணி. ஆக மூன்று மணி நேரம். ஒன்றரைக்குப் பிசைந்தால் சரியாக நாலரை, கைக்கு அவகாசமே இல்லை. மார்கழிக் குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும், அரை மணி கூடுதலாகப் பிடிக்கும். அவசரப்பட்டு உப்பாத மாவை உள்ளே தள்ளினால் பன் சிறுத்து, பக்கவாட்டில் வெடித்து, நடுவில் கனமாக வரும். ஆகவே ஒரு மணிக்கே பிசைய ஆரம்பித்தால்தான் இந்த வரி வருஷம் முழுக்க நிற்கும். ‘நான்கு மணிக்கு’ என்பதைவிட ‘நாலரை முதல்’ நல்லது என்பதும் இதனால்தான்: முன்கூட்டியே வந்துவிட்டால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை என்று ஒன்று இருக்கிறது. காலை 9 மணிக்குப் போனால் மாலை நான்குக்கோ ஐந்துக்கோதான் வரும். ஓவன் கேஸில் எரிந்தாலும் மாவு பிசையும் மிஷின் சுற்றாது. ஜெனரேட்டர் இல்லாத கடையில் அன்று சூடான பன் ஏழுக்கோ எட்டுக்கோதான். போர்டோ நாலரை என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இன்னொரு குறை, காலை ஐந்தரைக்கு ஷிப்டுக்குப் போகும் வழியில் டீ குடிப்பவருக்கு இந்த வரியில் எதுவும் இல்லை.

சர்க்கரை வரி கடை திறந்ததிலிருந்து மூடும்வரை உண்மை. அதற்கு ஒரே நிபந்தனை, சர்க்கரை கிளாஸில் விழ வேண்டும், பால் சட்டியில் அல்ல. கூட்ட நேரத்தில் கை மிச்சமாகும் என்று சட்டியிலேயே போட்டுவிட்டால் வரி அந்த நிமிஷமே பொய்யாகிவிடும். இஞ்சி டீ, மசாலா டீ என்று மொத்தமாகக் கொதிக்கவிடுபவற்றையும் சர்க்கரை இல்லாமல் கொதிக்கவைத்துப் பிறகு கலக்க வேண்டும். ஃபிளாஸ்க் பார்சலில் பத்துப் பேருக்குப் பத்து அளவு முடியாது. சர்க்கரையைத் தனியாகப் பொட்டலம் கட்டித் தருவதுதான் வழி. மாஸ்டர் லீவு போட்ட நாளில் நிற்கும் பையனுக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க அரை நிமிஷம் போதும். பன் வரியை அப்படி ஒப்படைக்க முடியாது.

சொல்லிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். கோவையில் ‘சர்க்கரை’ சரி. மதுரை, நெல்லைப் பக்கம் போனால் ‘சீனி’ என்றுதான் எழுத வேண்டும், அங்கே சர்க்கரை என்றால் பலருக்கு வெல்லத்தூள் நினைவுக்கு வரும். ‘சொல்லுங்க’வை ‘சொல்லுங்கள்’ என்று திருத்தத் தோன்றும். திருத்தினால் டீ மாஸ்டர் கேட்பது போலிருந்த வரி அரசு விண்ணப்பப் படிவம் கேட்பது போலாகிவிடும்.

இடக்கணக்கும் இதற்கே சாதகம். போர்டு எழுதுவோர் வைக்கும் கணக்கு, பத்து அடி தூரத்துக்கு ஒரு அங்குல உயரம். எதிர்ச்சாரியிலிருந்து 40 அடி என்றால் 4 அங்குலம். இரு ஓரமும் அரையடி விட்டால் மிஞ்சுவது 84 அங்குலம், ஒரு எழுத்துக்கு 4 அங்குலம் வீதம் 21 இடம். துணைக்கால், கொம்பு, இடைவெளி எல்லாம் சேர்த்து எண்ணினால் சர்க்கரை வரி 21 இடத்தில் அடங்குகிறது. பன் வரிக்கு 25 வேண்டும், எழுத்தைச் சுருக்கத்தான் வேண்டியிருக்கும். ஃபிளெக்ஸ் அடிக்கும் முன் அச்சுப்படியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது ‘சொ’வின் கொம்பு இடம் மாறுவதும், ‘ர்க்க’வில் புள்ளி காணாமல் போவதும் அடிக்கடி நடக்கிறது. பெயரை ஆங்கிலத்திலும் எழுதினால் தமிழ்நாட்டில் தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, வேறு மொழிக்கு 2 என்ற விகிதத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆக, போர்டில் சர்க்கரை வரி. பன் வரியைத் தூக்கிப்போட வேண்டியதில்லை. கண்ணாடி அலமாரிக்கு மேலே, சாக்பீஸில் எழுதும் கரும்பலகையில் அதற்கு இடம் இருக்கிறது. மின்தடை நாளில் ‘நாலரை’யைத் துடைத்து ‘ஏழு’ என்று எழுத ஈரத்துணி ஒன்று போதும். மதியம் மாவு பிசையத் தொடங்கும்போதே அன்றைய மணியை எழுதிவிட வேண்டும், பன் வந்த பிறகு எழுதினால் அந்தப் பலகையை யாரும் பார்க்கமாட்டார்கள்.