ஒரே பாய்லர், இரண்டு சரக்கு: புழுங்கல் ஆலையும் அவல் ஆலையும் சேர்ந்தால் எவ்வளவு மிஞ்சும்?

மன்னார்குடிப் பக்கம் நாளொன்றுக்கு 24 டன் நெல் அரைக்கும் நடுத்தரப் புழுங்கல் அரிசி ஆலை ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் உரிமையாளர் அவலும் போடலாமா என்று யோசிக்கிறார். அவர் முன்னால் உள்ள வழிகள் மூன்று. அரிசியோடு நிறுத்திக்கொண்டு அவலை வேறொருவரிடம் விட்டுவிடலாம். இரண்டையும் ஒரே வளாகத்தில் செய்யலாம். அவலை விட்டுவிட்டுத் தவிட்டிலிருந்து எண்ணெய் எடுக்கும் பக்கம் போகலாம். தொடர்புள்ள பல பொருள்களை ஒரே நிறுவனம் செய்யும்போது கிடைக்கும் செலவுக் குறைவைப் பல்பொருள் சிக்கனம் என்று சொல்லலாம். ஒரே பொருளை அதிகமாகச் செய்வதால் வரும் பேரளவுச் சிக்கனம் வேறு, இது வேறு. ஜான் பான்சார், ராபர்ட் வில்லிக் ஆகிய பொருளியலாளர்கள் இந்தக் கருத்துக்குத் தெளிவான வடிவம் கொடுத்தார்கள். அவர்களுடைய சோதனை எளியது: இரண்டையும் சேர்த்துச் செய்ய ஆகும் செலவு, தனித்தனியாகச் செய்ய ஆகும் செலவுகளின் கூட்டுத்தொகையைவிடக் குறைவா?

முதலில் இரண்டு சரக்குக்கும் பொதுவானவை எவை என்று பார்க்க வேண்டும். புழுங்கல் அரிசிக்கு நெல்லைச் சலித்து, கல் நீக்கி, 65 முதல் 70 பாகை செல்சியஸ் வெந்நீரில் நாலைந்து மணி நேரம் ஊறவைத்து, நீராவியில் அவித்து, உலர்த்தி, உமி நீக்கித் தீட்டுகிறார்கள். அவலுக்கும் நெல்லைச் சலித்து ஊறவைக்க வேண்டியதுதான். அதன் பிறகு வழி பிரிகிறது. ஊறிய நெல்லைச் சூடான மணலில் வறுத்து, சூடு ஆறுவதற்குள் தட்டி, உமியையும் தவிட்டையும் சலித்து எடுக்கிறார்கள். ஆறிய நெல் தட்டையாகாமல் நொறுங்கிவிடும். ஆகவே எடை மேடை, சலிப்பு, ஊறல் தொட்டி, பாய்லர், கிடங்கு, கணக்குப்பிள்ளை வரை பொது. வறுப்பு, தட்டும் இயந்திரம், பொட்டலம் ஆகியவை அவலுக்கே உரியவை.

இனிக் கணக்கு. கீழே உள்ள தொகைகள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. நெல்லின் விலை இவற்றில் சேரவில்லை. அரிசி ஆலை தனியாக இயங்க மாதம் 15 லட்சம் ரூபாய் ஆகிறது. அவல் ஆலை தனியாக இயங்கினால் கொட்டகை, சிறு பாய்லர், தொட்டி, அலுவலகம் ஆகியவற்றுக்கு 2 லட்சம், உமி வாங்க 80 ஆயிரம், வறுப்பு முதல் பொட்டலம் வரை 2 லட்சத்து 20 ஆயிரம், ஆக 5 லட்சம். தனித்தனியாகச் செய்தால் கூட்டுத்தொகை 20 லட்சம்.

சேர்த்துச் செய்தால் அரிசியின் 15 லட்சம் அப்படியே நிற்கும். அவலுக்கே உரிய 2 லட்சத்து 20 ஆயிரமும் குறையாது. பொதுவான தொட்டியையும் பாய்லரையும் கூடுதலாக ஓட்டுவதற்கும், ஒரு ரகத்திலிருந்து இன்னொரு ரகத்துக்கு மாறும்போது கழுவித் துடைப்பதற்கும் 50 ஆயிரம் ஆகும். உமியைப் பற்றி ஆலைக்காரர்கள் வழக்கமாகச் சொல்வது, "உமி நம்மது, அதுக்கென்ன காசு?" என்பதுதான். அங்கேதான் கணக்கு தவறுகிறது. அவலுக்கு எரிக்கும் உமியை வாசலிலேயே விற்றிருந்தால் 50 ஆயிரம் வந்திருக்கும் என்றால், அந்த 50 ஆயிரமும் அவலின் செலவே. மொத்தம் 18 லட்சத்து 20 ஆயிரம் ஆகிறது. மிச்சம் 1 லட்சத்து 80 ஆயிரம், சேர்ந்த செலவில் ஏறக்குறைய பத்து விழுக்காடு.

அந்த மிச்சம் எங்கிருந்து வந்தது என்பது மிச்சத்தின் அளவைவிட முக்கியம். உமியில் மிஞ்சியது 30 ஆயிரம் மட்டுமே. உமி இலேசான, இடம் அடைக்கும் சரக்கு என்பதால் லாரி எடை ஏறுவதற்கு முன்பே நிரம்பிவிடுகிறது, மிஞ்சியது அந்த ஏற்று கூலியும் வண்டி வாடகையும்தான். மீதி ஒன்றரை லட்சம், சும்மா கிடக்கும் நேரத்தில் தொட்டிக்கும் பாய்லருக்கும் கொட்டகைக்கும் கணக்குப்பிள்ளைக்கும் வேலை கொடுத்ததால் வந்தது. டேவிட் டீஸ் 1980இல் எழுப்பிய ஆட்சேபம் இங்கே பொருந்துகிறது: பொது உள்ளீட்டைச் சந்தையில் எளிதாக விற்க முடியுமானால், சிக்கனம் கிடைப்பதற்காக இரண்டு தொழிலும் ஒரே முதலாளியிடம் இருக்க வேண்டிய அவசியம் இல்லை. உமியை எந்தச் சூளைக்காரருக்கும் விற்கலாம். நீராவியை மூட்டை கட்டி விற்க முடியாது. காலையில் மூன்று மணி நேரம் காலியாக இருக்கும் தொட்டியை அடுத்த ஊர் அவல்காரருக்கு வாடகைக்கு விடுவதும் நடைமுறையில் நடக்காது.

இரண்டாம் வழி வென்றுவிட்டது என்று இதற்குள் முடிவு கட்டுவது அவசரம். தை, மாசியில் சம்பா அறுவடையாகி நெல் குவியும்போது அதே தொட்டிக்கு ஓய்வே இராது. அப்போது அவலுக்குத் தொட்டியைக் கொடுத்தால், அந்த நேரத்தில் அரைத்திருக்கக்கூடிய நெல்லின் லாபம் போகும். அது மாதத்துக்கு 2 லட்சம் என்றால், 1 லட்சத்து 80 ஆயிரம் மிச்சம் 20 ஆயிரம் நட்டமாக மாறிவிடுகிறது. வரவு செலவுப் புத்தகத்தில் இந்த நட்டம் தனி வரியாக வராது என்பதால், அதை ஆலைக்குள் நடந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். சலித்த நெல் தொட்டி காலியாவதற்காகக் காத்திருக்கிறதா, ஊறிய நெல் அவிக்கப்படாமல் தங்கிப் புளித்த வாடை அடிக்கிறதா என்று பார்த்தால் போதும். இன்னொரு அடையாளம், தீட்டிய வெள்ளை அரிசியில் சிவப்பு மணி தலைகாட்டுவது. மாப்பிள்ளைச் சம்பா அவலுக்கு ஊறிய தொட்டியையும் எலிவேட்டரையும் சரியாகத் துடைக்காமல் அடுத்த ரகத்தை ஏற்றினால் அப்படி ஆகும். கலர் சார்ட்டர் அவற்றைத் தள்ளும்போது நல்ல அரிசியும் கொஞ்சம் சேர்ந்து போகும்.

மூன்றாம் வழியான தவிட்டு எண்ணெய்க்கு நீண்ட விவாதம் தேவையில்லை. 24 டன் நெல்லிலிருந்து நாளொன்றுக்கு ஒன்றரை டன் அளவுக்கே தவிடு வரும்; கரைப்பானில் எண்ணெய் பிரிக்கும் ஆலைக்கோ அன்றாடம் பல பத்து டன் வேண்டும். அவ்வளவு தவிட்டை வெளியே வாங்கினால் அது பொது உள்ளீட்டைப் பகிர்வதாகாது, புதுத் தொழில் தொடங்குவதாகும். பச்சரிசித் தவிடு சில மணி நேரத்திலேயே கெடத் தொடங்கும். புழுங்கல் தவிடு அவித்த நெல்லிலிருந்து வருவதால் சற்றுத் தாங்கும், எண்ணெயும் அதில் கூடுதல். ஆகையால் அதை நல்ல விலைக்கு விற்றுவிடுவதே மேல்.

என் கணிப்பில் அவலைச் சேர்க்கலாம், ஆனால் சம்பா வரத்து ஓய்ந்த பிறகே. அதற்கு நெல்லை முன்கூட்டி வாங்கி, நன்கு காயவைத்துக் கிடங்கில் வைத்திருக்க வேண்டும். மாதம் 30 டன் நெல், கிலோ 25 ரூபாய், மாத வட்டி ஒரு விழுக்காடு என்று வைத்தால், நான்கு மாதம் காத்திருக்கும் சரக்குக்கு வட்டி 30 ஆயிரம் ரூபாய் ஆகிறது. 1 லட்சத்து 80 ஆயிரத்தில் அது போக 1 லட்சத்து 50 ஆயிரம் நிற்கும். விற்பனையில் மட்டும் இந்தச் சிக்கனத்தை எதிர்பார்க்கக் கூடாது: அரிசி லாரி லாரியாக மண்டிக்குப் போகிறது, அவல் அரைக் கிலோப் பொட்டலமாக மளிகைக் கடைகளுக்குக் கடனில் போகிறது, அந்தக் கடைகளைச் சுற்றி வருவதற்குத் தனி ஆள் வேண்டும். அவருடைய சம்பளம் மேலே உள்ள 2 லட்சத்து 20 ஆயிரத்தில் சேரவில்லையானால், அதையும் சேர்த்த பிறகே மிச்சத்தை மறுபடி பார்க்க வேண்டும்.