ஐந்து வருடக் கரன்டியை நம்பி நான் விட்டுக்கொடுத்த பென்சன்

பென்சன் தொடங்கும்போது என் கணவர் இவருக்கு 65 வயது, எனக்கு 47. கனடாவில், ஒன்ராறியோவில், பல வருடம் தொழிற்சாலையில் வேலை செய்துவிட்டுக் கோண்டாவிலுக்கே திரும்பி வந்திருந்தார். கம்பனிப் பென்சன் படிவம் தபாலில் வந்தது. அந்தச் சட்ட ஆங்கிலம் எங்கள் இருவருக்கும் பிடிபடவில்லை. யாழ் நகரில் வெளிநாட்டுப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கும் ஒருவரிடம் போனோம்.

“அக்கா, உங்களுக்கு வயசு குறைவு. அதால கனக்க வெட்டுவாங்கள். அண்ணைக்குத் தனியாப் போட்டா முழுக்காசும் வரும். அஞ்சு வருசம் கரன்டியும் இருக்கு.”

சொன்னதில் எதுவும் பொய்யில்லை. தனியாக எடுத்தால் மாதம் 2000 டொலர். இருவருக்குமாக எடுத்தால் 1580. இவருக்குப் பின் அதில் 60 வீதம், அதாவது 948 டொலர், என் ஆயுள் முழுவதும். ஒன்ராறியோச் சட்டப்படி துணைக்குக் குறைந்தது அந்த 60 வீதம் உரிமை. துணையும் கையொப்பமிட்டு விட்டுக்கொடுத்தால்தான் தனிப் பென்சன் எடுக்கலாம். படிவம் நிரப்பியவர் பென்சிலால் புள்ளடி போட்ட இடத்தில் நான் வைத்தது அந்தக் கையொப்பம்தான். அது என்ன தாள் என்று அவர் சொல்லவில்லை.

இங்கே அரச உத்தியோகத்தருக்குச் சம்பளத்திலேயே விதவைகள் பென்சனுக்குக் கழிப்பார்கள். அதனால் மனைவிக்கு எப்படியும் வரும் என்றுதான் நினைத்திருந்தேன். கரன்டி என்றதும் அதுதான் என்று நம்பிவிட்டேன். ஆனால் அந்தக் கரன்டி பென்சன் தொடங்கிய நாளிலிருந்து 60 மாதத்துக்கு மட்டும்தான். பதினாலு மாதத்தில் இவர் போய்விட்டார். மிச்சம் 46 மாதம் எனக்கு வரும். 52 வயதில் அது நின்றுவிடும். கனடா அரசின் சி.பி.பி. துணைப் பென்சன் வேறு. அது வருகிறது, ஆனால் சிறிய தொகை.

பதினாலு மாதத்தில் நாங்கள் கூடுதலாக வாங்கியது 5880 டொலர். அதற்காக விட்டது, 52 வயதுக்குப் பிறகு நான் இருக்கும் வரைக்கும் மாதம் 948.

வெட்டு அதிகம் என்று அவர் பயமுறுத்தினாரே, அதன் காரணத்தை நான் கேட்டிருக்க வேண்டும். துணை இளையவர் என்றால் இன்னும் பல வருடம் பணம் கொடுக்க வேண்டிவரும் என்று கணக்குப் பார்த்துத்தான் வெட்டுகிறார்கள். நானும் இவர் வயதுக்காரியாக இருந்திருந்தால் வெட்டு குறைந்திருக்கும், நான் தனியாக இருக்கும் காலமும் குறைந்திருக்கும். 18 வயது வித்தியாசத்தில் அந்த வெட்டுத்தான் எனக்கான சோறு. 100 வீதத்துக்கும் ஒரு தொகை போட்டிருந்தது: இருவருக்கும் 1390, பிறகு எனக்கும் அதே 1390. வேறு வருமானம் இல்லாத எனக்கு அதுதான் சரியாக இருந்திருக்கும். அந்த வரியை அவர் வாசித்துக்கூடக் காட்டவில்லை.

உங்கள் வீட்டில் இப்படிப் படிவம் வந்திருந்தால், 61ஆம் மாதம் துணைக்கு எவ்வளவு என்று பென்சன் நிர்வாகத்திடமே எழுத்தில் கேளுங்கள். விட்டுக்கொடுத்துக் கையொப்பம் வைத்திருந்தாலும், பென்சன் தொடங்கும் முன் இருவரும் கையொப்பமிட்டு எழுத்தில் அறிவித்து அதை ரத்துச் செய்யலாம். எனக்கு அது தெரியவந்தது இவருடைய அந்திரட்டிக்குப் பிறகு.