வேகம் மட்டுமா, வேகமும் மின்திறனும் சேர்ந்தா?

அடுத்தடுத்த இரண்டு ஜெனரேட்டர்கள் நொடிக்கு ஒன்றிரண்டு முறை ஒன்றுக்கொன்று எதிராக ஊசலாடினால், மின்னமைப்பு நிலைப்படுத்தி என்ற கட்டுப்பாட்டுக் கருவி, ஜெனரேட்டரின் காந்தப்புலத்துக்கு மின்னோட்டம் தரும் எக்சைட்டர் வழியாக அந்த ஆட்டத்தை அடக்கும். அதற்கு எந்த சிக்னலைக் கொடுப்பது என்பதுதான் கேள்வி.

சுழல்தண்டின் வேகத்தை மட்டும் கொடுப்பது எளிது. ஆனால் தண்டின் முறுக்கதிர்வும் அதில் கலந்து வரும். 1969-இல் கனடாவின் லாம்ப்டன் அனல்மின் நிலையத்தில் நிலைப்படுத்தியே 16 ஹெர்ட்ஸ் முறுக்கதிர்வை வளர்த்துவிட்டது. வடிகட்டி போட்டால் அது அடங்கும். சரி, ஆனால் வடிகட்டி சிக்னலைத் தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்தோடு நிலைப்படுத்தியின் பெருக்கத்தைக் கூட்டினால் எக்சைட்டர் சுற்றிலேயே புது அலைவு கிளம்பும்.

வேகத்தோடு மின்திறனையும் சேர்த்துக் கணக்கிடும் PSS2B என்ற நிலைப்படுத்தி வகையில் முறுக்கதிர்வு மிகக் குறைவு, பெருக்கத்தைத் தாராளமாக வைக்கலாம். சுமையை வேகமாக ஏற்றும் நீர்மின் யூனிட்டில் மட்டும் கவனம் வேண்டும்: சுமையேற்றத்தை ஊசலாட்டமாக எடுத்துக்கொள்ளாமல் தடுக்கும் ராம்ப் வடிகட்டி சரியாக அமையாவிட்டால் மின்னழுத்தம் தள்ளாடும். அனல் யூனிட்டுக்கு நான் PSS2B-யையே தேர்ந்தெடுப்பேன்.