தலைவர் கையில் எந்தத் தாள்? முழு உரையா, குறிப்பா, இரண்டும் கலந்ததா?

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் ஆண்டுப் பொதுக்குழு நெருங்கும்போது சி.இ.ஓ. கையில் ஒரு வேலை சேர்கிறது. மைக் முன் தலைவர் என்ன பேச வேண்டும் என்று எழுதித் தருவதுதான் அது. தலைவர் விவசாயி. பேசத் தயங்காதவர். ஆனால் தீர்மானம், திருத்தம், கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வர வேண்டிய எண்ணிக்கையான கோரம் என்று வரும்போது எந்த வாக்கியம் மினிட்ஸில் நிற்கும், எது நிற்காது என்ற கணக்கு அவருக்கு அன்றாடப் பழக்கமில்லை. இந்தத் தாளை எழுத நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. வணக்கம் முதல் நன்றி வரை ஒவ்வொரு சொல்லையும் எழுதும் முழு உரை ஒன்று. பொருள் வாரியாக ஓரிரு சொற்கள் மட்டும் உள்ள குறிப்புத் தாள் இன்னொன்று. சட்டப்படி அப்படியே சொல்ல வேண்டியதை மட்டும் முழு வாக்கியமாகவும் மற்றதைக் குறிப்பாகவும் எழுதும் கலப்புத் தாள் மூன்றாவது.

கூட்டத் தொடக்கத்தில் முழு உரைதான் பாதுகாப்பு. உற்பத்தியாளர் நிறுவனத்தில், நிறுவன விதிகள் அதிகம் கேட்காதவரை, மொத்த உறுப்பினர்களில் நான்கில் ஒரு பங்கு கோரம். 640 உறுப்பினர் என்றால் 160 பேர். சாதாரண பிரைவேட் கம்பெனிக்கு இரண்டு பேரே போதும் என்பதால், வேறொரு கம்பெனியின் மாதிரியைப் பார்த்து எழுதிய தாள் இங்கேயே தவறும். குறிப்புத் தாளில் 'கோரம்' என்று ஒரே சொல் இருந்தால், தலைவர் "நிறைய பேர் வந்திருக்கீங்க, ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிவிடுவார். மினிட்ஸில் எழுத எண் இருக்காது. தாளில் இப்படி வாக்கியமாகவே இருக்க வேண்டும்: "வருகைப் பதிவேட்டின்படி ____ உறுப்பினர்கள் வந்துள்ளனர். தேவையான எண்ணிக்கை 160. கோரம் உள்ளதால், நேரம் ____ மணிக்குக் கூட்டத்தைத் தொடங்குகிறேன்." கோரம் வராத நிலைக்கும் கீழே ஒரு வாக்கியம் வேண்டும். கம்பெனிச் சட்டப் பொதுவிதிப்படி அரை மணி நேரம் காத்திருந்தும் எண்ணிக்கை சேராவிட்டால், கூட்டம் அடுத்த வாரம் அதே நாள், அதே நேரம், அதே இடத்துக்குத் தள்ளிப்போகும். உங்கள் விதிகளில் வேறு இருந்தால் அதையே எழுதுங்கள்.

தீர்மானங்களுக்கு வரும்போது முழு உரையின் பெரிய ஆபத்து தெரிகிறது. வீட்டில் உட்கார்ந்து எழுதுபவர் "ராமசாமி முன்மொழிந்தார், முத்தம்மாள் வழிமொழிந்தார், ஒருமனதாக நிறைவேறியது" என்றே அடித்துவிடுவார். அன்று முத்தம்மாள் வரவில்லை என்றாலும் தலைவர் வாசித்துவிடுவார். ஐந்து பேர் எதிர்த்திருந்தாலும் 'ஒருமனதாக' என்றுதான் வாசிப்பார். முடிவை முன்கூட்டியே எழுதிய தாளைப் பிறகு ஒருவர் காட்டினால், வாக்கெடுப்பே ஒப்புக்கு நடந்தது என்று வாதிட அது போதும். குறிப்புத் தாளில் இந்தப் பிழை வராது. அங்கே வரும் பிழை வேறு. "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டு, கைதட்டல் வந்ததும் அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். எதிர்ப்பைக் கேட்கவே இல்லை. இந்த இடத்தில் கலப்புத் தாள்தான் சரி என்பது என் உறுதியான கருத்து: கேள்விகளை முழு வாக்கியமாக எழுதுங்கள், விடைகளை வெற்றிடமாக விடுங்கள்.

"தீர்மானத்தைப் படிக்கிறேன். (படிக்கவும்.) முன்மொழிபவர் யார்? ____ வழிமொழிபவர் யார்? ____ கேள்வி, கருத்து இருந்தால் சொல்லுங்கள். ஆதரிப்பவர்கள் கை உயர்த்துங்கள். ____ எதிர்ப்பவர்கள். ____ ஆதரவு ____, எதிர்ப்பு ____. தீர்மானம் நிறைவேறியது / நிறைவேறவில்லை." கடைசி வாக்கியத்தில் இரண்டு சொல்லும் அச்சில் இருக்க வேண்டும். ஒன்றை அங்கேயே அடித்துவிடலாம். உற்பத்தியாளர் நிறுவனத்தில், தனிநபர்கள் உறுப்பினராக உள்ள வழக்கமான அமைப்பில், பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான். அதனால் கை எண்ணினால் போதும், பங்கு எண்ண வேண்டியதில்லை. வாக்கு சமமானால் தலைவருக்கு முடிவு வாக்கு உண்டு. தலைவர் தேர்தலுக்கு மட்டும் அது கிடையாது. இதையும் ஓரத்தில் ஒரு வரியாகக் குறித்து வையுங்கள். சமநிலை வந்த பதற்றத்தில் யாருக்கும் சட்டம் நினைவுக்கு வராது.

முழு உரை முற்றிலும் கைவிடும் இடம் திருத்தம். வரவுசெலவுத் திட்டத்தில் விற்பனை நிலையத்துக்கு 4 லட்சம் என்று இருக்கிறது. ஒருவர் எழுந்து "3 லட்சம் போதும், மீதியை விதைக்கு வையுங்கள்" என்கிறார். உரையில் இது இல்லை என்பதால் தலைவர் "பிறகு பார்க்கலாம்" என்று தாண்டிவிட்டால், உறுப்பினரின் உரிமை போய்விடும். பட்ஜெட்டை ஏற்பது பொதுக்குழுவின் அதிகாரம். குறிப்புத் தாள் வைத்திருப்பவர் மூலத் தீர்மானத்தையும் திருத்தத்தையும் சேர்த்து ஒரே வாக்கெடுப்பு நடத்திக் குழப்பிவிடுவார். எது நிறைவேறியது என்று எழுத முடியாது. கலப்புத் தாளில் தனியாக ஒரு 'திருத்தப் பக்கம்' வைத்தால், எந்தப் பொருளில் திருத்தம் வந்தாலும் அதையே புரட்டலாம். வரிசை இதுதான்: திருத்தத்தை எழுத்தில் வாங்கி வாசித்தல், வழிமொழிபவர் உண்டா என்று கேட்டல், திருத்தத்துக்கு மட்டும் வாக்கு. வென்றால் "திருத்தப்பட்ட தீர்மானத்தை இப்போது வாக்குக்கு விடுகிறேன்", தோற்றால் "மூலத் தீர்மானத்தை வாக்குக்கு விடுகிறேன்". இரண்டாவது வாக்கெடுப்பு இல்லாமல் பொருள் முடியாது. பலரும் திருத்தம் வென்றதோடு நிறுத்திவிடுகிறார்கள். நோட்டீஸில் சொன்ன பொருளுக்குள் அடங்காத திருத்தத்தை ஏற்க வேண்டாம் என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்.

தலைவரே இயக்குநர் தேர்தலில் நிற்கும் பொருளுக்கும் இரண்டு வாக்கியம் வேண்டும்: "இந்தப் பொருளில் நான் வேட்பாளர் என்பதால், தலைமையை ____ அவர்களிடம் ஒப்படைக்கிறேன்", பிறகு "தலைமையை மீண்டும் ஏற்கிறேன்". இரண்டாவதை விட்டால், கூட்டத்தை முடித்து வைத்தவர் யார் என்ற கேள்வி மினிட்ஸில் தொங்கும்.

பொருளுக்குப் பொருள் தாவும் இணைப்பு வாக்கியங்களில் மட்டும் குறிப்புத் தாள் வெல்கிறது. 'அடுத்து: தணிக்கை அறிக்கை, பக்கம் 6' என்று கொடுத்தால் போதும். தலைவர் தன் ஊர்ப் பேச்சில் சொல்லிக்கொள்வார். "அன்பார்ந்த உறுப்பினர் பெருமக்களே, அடுத்ததாக நாம் காணவிருப்பது" என்று எழுதிக் கொடுத்தால் தாளிலிருந்து கண் எடுக்காமல் வாசிப்பார். எதிரே கை தூக்கியவரைக் கவனிக்க மாட்டார்.

முடிவுரையில் மறுபடி முழு வாக்கியம் தேவை. 'தலைவர் அனுமதியுடன் பிற' என்ற கடைசிப் பொருளில், நோட்டீஸில் இல்லாத எதையும் தீர்மானமாக்கக் கூடாது என்பதால், "இங்கே வரும் கருத்துகளை இயக்குநர் குழுவின் பார்வைக்கு அனுப்புகிறேன்" என்று எழுதி வையுங்கள். பல கூட்டங்களில் நன்றியுரை, அதைத் தொட்டு தேசிய கீதம், உடனே சாப்பாட்டுப் பந்தி என்று போய், முடிந்ததாக யாருமே அறிவிப்பதில்லை. நன்றியுரைக்குப் பிறகு, தேசிய கீதத்துக்கு முன், தலைவர் மீண்டும் மைக் வாங்கி, "பட்டியலில் உள்ள எல்லாப் பொருள்களும் முடிந்தன. நேரம் ____ மணிக்குக் கூட்டம் நிறைவடைந்ததாக அறிவிக்கிறேன்" என்று சொல்லட்டும்.

அச்சிடும்போது ஒரு பொருளுக்கு ஒரு பக்கம், 16 புள்ளி எழுத்து, ஒரு புறம் மட்டும். பக்கம் கடந்து ஓடும் வாக்கியம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. அப்படியே படிக்க வேண்டியதைத் தடித்த எழுத்திலும், குறிப்புகளை மெல்லிய எழுத்திலும் வையுங்கள். வெற்றிடங்களை நிரப்பத் தலைவர் பக்கத்தில் ஒருவர் பேனாவோடு உட்கார வேண்டும். கூட்டம் முடிந்ததும் நிரப்பிய அந்தத் தாளை எறியாமல், மினிட்ஸ் எழுதுபவரிடம் அன்றே கொடுத்துவிடுங்கள்.