30 நொடியா, ஐந்து முறையா: வயதானவர்களின் கால் பலத்தை எதை வைத்துப் பார்ப்பது?

வயதானவர்களின் கால் பலத்தை ஒரே ஒரு சேரை வைத்துப் பார்த்துவிடலாம். 30 நொடியில் எத்தனை முறை எழுந்து நிற்கிறார் என்று எண்ணுவது ஒரு வழி. ஐந்து தடவை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டிலும் கைகளை நெஞ்சின் குறுக்கே வைத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் பார்ப்பதற்கு நான் 30 நொடியைத்தான் சொல்வேன்.

சேலம் அம்மாப்பேட்டையில் இருக்கும் எங்கள் அத்தைக்கு 72 வயது. முதல் ஐந்து தடவையை 11 நொடியில் முடித்துவிட்டார். ஆசிய நாடுகளுக்கான வரையறையில் 12 நொடியோ அதற்கு மேலோ ஆனால்தான் குறைவு. அதோடு நிறுத்தியிருந்தால் "அத்தைக்குக் கால் நல்லா இருக்கு" என்று எழுந்து போயிருப்போம். கடிகாரத்தை ஓடவிட்டோம். ஆறாவதிலேயே வேகம் விழுந்தது, மிச்சமிருந்த 19 நொடியில் நான்கு முறைதான் எழுந்தார். மொத்தம் 9. 70 முதல் 74 வயதுப் பெண்களுக்கு 10-க்குக் கீழே வந்தால் சராசரிக்குக் குறைவு, விழும் அபாயத்தைக் கவனிக்க வேண்டும் என்று கணக்கு. அதே வயது ஆண்களுக்கு அந்த எல்லை 12. தொடைத் தசை சீக்கிரம் தளர்வதை ஐந்து தடவை காட்டாமலே விட்டிருக்கும்.

ரொம்பத் தளர்ந்தவர்களுக்கும் 30 நொடிதான் பொருந்தும். மூன்று தடவைக்கு மேல் முடியாதவருக்கு ஐந்து முறைச் சோதனையில் 'முடியவில்லை' என்பதோடு சரி. 30 நொடியில் 3 என்று ஓர் எண் கிடைக்கும். பயிற்சிக்குப் பிறகு அது 5 ஆனால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

ஆனால் சேர் சரியாக இல்லாவிட்டால் எண் பொய் சொல்லும். இருக்கையின் உயரம் தரையிலிருந்து சுமார் 43 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், டேப் வைத்தே அளந்துவிடுங்கள். தாழ்வான சேரில் எண்ணிக்கை குறையும், உயரமானதில் கூடும். கைப்பிடி இல்லாத சேரைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும். ஒவ்வொரு முறையும் முழுதாக நிமிர்ந்து நின்று, முழுதாக உட்கார வேண்டும். நேரம் முடியும்போது பாதிக்கு மேல் எழுந்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம். கையை ஊன்றித்தான் எழ முடிகிறது என்றால் எண் 0. தலைசுற்றலோ நெஞ்சுவலியோ வந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

முழங்கால் வலி இருந்தால் இரண்டுமே ஏமாற்றும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டச் சரிவுகளில் வருஷக்கணக்காக ஏறி இறங்கிய ஒருவர் 7 தான் எடுக்கிறார் என்றால், தடுப்பது தசையா வலியா என்று அவரிடமே கேட்க வேண்டும். அதையும் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

ஐந்து முறைக்கும் இடம் இருக்கிறது. நடை வேகம், நிற்கும் சமநிலை இரண்டோடும் சேர்த்து மதிப்பெண் போடும் மருத்துவர்களும் பிசியோதெரபிஸ்டுகளும் அதைத்தான் எடுக்கிறார்கள். அங்கே கால் மட்டும் தனியாகத் தீர்ப்பு சொல்வதில்லை.