எட்டு வீடுகள்: ஒரே உரிமையாளரிடமா, எட்டுப் பேரிடமா?

வடபழஞ்சி தகவல் தொழில்நுட்பப் பூங்காவில் பணியாற்றும் ஊழியர்களுக்காக மூன்று ஆண்டுகளுக்கு எட்டு வீடுகளை வாடகைக்கு எடுப்பதற்கு இரண்டு வழிகள் குழுவின் முன் உள்ளன. நாகமலை புதுக்கோட்டையில் ஒருவருக்கே சொந்தமான அடுக்ககத்தில் எட்டு வீடுகளையும், வீட்டுக்கு 14,000 ரூபாய் வாடகையில், ஒரே பதிவு ஒப்பந்தத்தில் எடுக்கலாம். அல்லது சுற்றுவட்டாரத்தில் எட்டு உரிமையாளர்களிடம், வீட்டுக்கு 12,500 ரூபாய் வாடகையில், 11 மாத ஒப்பந்தங்களாக எடுக்கலாம்.

மாத வாடகையில் இரண்டாவது வழி 12,000 ரூபாய் மலிவு. ஆனால் அடுக்கக உரிமையாளர் ஆண்டுக்கு 5 சதவீதமும், மற்றவர்கள் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் 10 சதவீதமும் உயர்வு கேட்கிறார்கள். 36 மாதங்களுக்குக் கணக்கிட்டால் முதல் வழிக்கு 42,36,960 ரூபாயும், இரண்டாவதற்கு 40,40,300 ரூபாயும் ஆகின்றன. இரண்டாவதில் தரகருக்கு ஒரு மாத வாடகை, அதாவது ஒரு லட்சம், தனியாகத் தர வேண்டும் என்பதால் வரி நீங்கலாக உண்மையான வித்தியாசம் ஒரு லட்சத்துக்கும் சற்றுக் குறைவே. நிறுவனம் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றிருப்பதால், உரிமையாளர் பதிவு பெறாதவராக இருந்தாலும், 2022 ஜூலை 18 முதல் உள்ள விதிப்படி 18 சதவீத வரியை இரண்டு வழிகளிலும் நாமே செலுத்த வேண்டும்.

அந்த ஒரு லட்சத்துக்கு நமக்குக் கிடைப்பது உறுதிப்பாடு. ஓராண்டுக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும். அப்படிப் பதிந்துவிட்டால் கட்டடம் கைமாறினாலும் வாங்கியவர் அதற்குக் கட்டுப்படுவார். 11 மாத ஒப்பந்தம் முடியும்போது உரிமையாளர் தம் மகனுக்கு வீடு வேண்டும் என்றால், ஊழியரின் குடும்பம் பள்ளி ஆண்டின் நடுவிலேயே இடம் மாற நேரலாம். இதை நான் சிறிய விஷயமாகக் கருதவில்லை. பதிவுக்கு முன் வில்லங்கச் சான்று பார்ப்பதும், கட்டடத்தின் மேல் அடமானக் கடன் இருந்தால் வங்கியின் எழுத்துப்பூர்வ ஒப்புதலைக் கேட்டு வாங்குவதும் அவசியம்.

முதல் வழியின் உண்மையான ஆபத்து, எட்டு வீடுகளையும் மூன்று ஆண்டுகள் விடக்கூடாது என்ற நிபந்தனைதான். இரண்டாம் ஆண்டில் ஒரு பணித்திட்டம் முடிந்து இரண்டு வீடுகள் ஆறு மாதம் காலியாகக் கிடந்தால், உயர்த்தப்பட்ட 14,700 ரூபாய் வீதம் 1,76,400 ரூபாய் வீணாகும். மேலே கண்ட வித்தியாசத்தைவிட இது அதிகம். ஆகவே, இரண்டாம் ஆண்டு முதல் எவையேனும் இரண்டு வீடுகளை இரண்டு மாத முன்னறிவிப்பில் ஒப்படைக்கலாம் என்றும், அவற்றுக்கான முன்பணம் சாவி தரும் நாளிலேயே திரும்ப வேண்டும் என்றும், குடியிருக்கும் ஊழியர் மாறுவது உள்வாடகை ஆகாது என்றும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

உரிமையாளர் இவற்றை ஏற்றால் முதல் வழியையே பரிந்துரைக்கிறேன். பகுதி ஒப்படைப்பை மட்டும் அவர் மறுத்தால், நிரந்தரத் தேவையான ஆறு வீடுகளை அவரிடம் எடுத்து, மீதி இரண்டை வெளியே 11 மாத ஒப்பந்தத்தில் எடுக்கலாம்.