சிவப்பு விளக்கில் கையில் போன்: எந்த நாட்டில் குற்றம், எங்கே இல்லை

கார் சிக்னலில் நிற்கிறது. புதிய வண்டி என்பதால் பிரேக்கை அழுத்திப் பிடித்ததும் என்ஜின் தானாகவே அணைந்துவிட்டது. ஓட்டுநர் மடியில் கிடந்த போனை எடுத்து, அடுத்த திருப்பம் எது என்று மேப்பில் பார்க்கிறார். யாரிடமும் பேசவில்லை, எதையும் தட்டச்சு செய்யவில்லை. பச்சை விழுவதற்குள் போனை வைத்துவிட்டுக் கிளம்புகிறார்.

இவர் செய்தது குற்றமா? "வண்டி ஓட்டும்போது போன் கூடாது" என்ற ஒரே வரியைத்தான் எல்லா நாட்டுச் சட்டமும் சொல்கிறது என்று நினைத்தால், பதிலும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த வரியில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. "ஓட்டும்போது" என்றால் சக்கரம் உருளும்போது மட்டுமா, சாலையில் இருக்கும் நேரம் முழுவதுமா? "போன்" கூடாது என்றால் பேசக் கூடாதா, பயன்படுத்தக் கூடாதா, கையிலேயே எடுக்கக் கூடாதா? இந்த இரண்டு கேள்விக்கும் ஒவ்வொரு நாடும் என்ன விடை எழுதியது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. பெரும்பாலும் அந்த விடையை முதலில் எழுதியது நாடாளுமன்றம் அல்ல, நீதிமன்றத்தில் ஜெயித்துவிட்டுப் போன ஒரு ஓட்டுநர்.

சாலைப் போக்குவரத்துக்கான 1968 வியன்னா உடன்படிக்கையில் 2006இல் சேர்த்த பகுதி கேட்பது குறைந்தபட்சத்தைத்தான். வண்டி நகரும்போது ஓட்டுநர் போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதை உள்நாட்டுச் சட்டம் தடுக்க வேண்டும், அவ்வளவே. சிக்னலில் நிற்பவரைப் பற்றி அதில் பேச்சில்லை.

"ஓட்டும்போது" என்றால் எப்போது என்ற கேள்வியில் அந்தக் குறைந்தபட்சத்தோடு நின்றுகொண்ட நாடு சிங்கப்பூர். அங்கே தடை நகரும் வண்டிக்குத்தான். எனவே நம் ஓட்டுநர் அங்கே தப்பித்துவிடுவார். அதற்காக அதை இளகிய சட்டம் என்று சொல்லிவிட முடியாது. 2015இல் தடை போனைத் தாண்டி டேப்லெட் போன்ற கருவிகளுக்கும் விரிந்தது. 2021 திருத்தத்துக்குப் பிறகு "பயன்படுத்தினார்" என்று நிரூபிக்க வேண்டிய தேவையும் போய்விட்டது. நகரும் வண்டியில் போன் கையில் இருந்தாலே போதும், திரை இருண்டிருந்தாலும் குற்றம்தான். நிற்கும்வரை முழுச் சுதந்திரம், சக்கரம் உருண்டதும் முழுத் தடை. கோடு தெளிவாக இருக்கிறது. ஆனால் முன் வண்டி இரண்டு அடி நகர்ந்ததும் பழக்கத்தில் நாமும் இரண்டு அடி நகர்வோமே, அந்தக் கணத்தில் கையில் என்ன இருக்கிறது என்பதுதான் கேஸ். நெரிசலில் ஊர்ந்து போகிறவருக்கு இந்தத் தெளிவு அவ்வளவாக உதவாது.

கலிஃபோர்னியாவில் இரண்டு ஓட்டைகளும் வெவ்வேறு வழக்குகளில் சோதனைக்கு வந்தன. சிவப்பு விளக்கில் நின்றபடி போனை இயக்கிய ஒருவர், வண்டி அசையாதபோது நான் ஓட்டவே இல்லை என்று வாதிட்டார். 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பயணத்தின் நடுவே சிக்னலில் சில நொடி நிற்பதும் ஓட்டுவதில் சேர்ந்ததுதான் என்றது. காலம் பற்றிய கேள்வி அங்கே அத்தோடு முடிந்தது.

அடுத்த வழக்கு நம் ஓட்டுநருக்கு இன்னும் நெருக்கமானது. நெரிசலில் மாட்டிக்கொண்ட ஒருவர் போனைக் கையில் எடுத்து மேப் பார்த்தார், அபராதம் விழுந்தது. அப்போதிருந்த சட்டம் கைகள் விடுபட்ட நிலையில் கேட்கவும் பேசவும் வழி இல்லாமல் போனைப் பயன்படுத்துவதைத் தடுத்தது. எனவே அது உரையாடலைப் பற்றிய தடைதான், மேப் பார்ப்பதற்குப் பொருந்தாது என்று 2014இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. சட்டத்தின் சொற்களைப் பார்த்தால் தீர்ப்பில் பிழை இல்லை. போன் என்றால் பேசுவதற்கு என்று எண்ணி எழுதிய சட்டம், அதே கருவி கேமராவாகவும் வரைபடமாகவும் மாறியபோது காலாவதியாகிவிட்டது. 2017 முதல் புதிய விதி வந்தது. போனைக் கையில் பிடித்து இயக்கக் கூடாது, ஹோல்டரில் பொருத்தியிருந்தால் ஒரே ஒரு தட்டலோ ஒரே ஒரு இழுப்போ செய்யலாம். அதன் பிறகும் "பிடித்தேன், பார்த்தேன், ஆனால் இயக்கவில்லை" என்று ஒருவர் வாதிட, கையில் பிடித்து மேப் பார்ப்பதும் இயக்குவதே என்று 2025இல் இன்னொரு மேல்முறையீட்டுத் தீர்ப்பு வந்தது. நம் ஓட்டுநர் இன்று அங்கே மாட்டுவார்.

பிரிட்டன் கதையும் இதே தடத்தில்தான் போகிறது. 2003 டிசம்பரில் வந்த விதி, தகவல் பரிமாற்றத்துக்காகப் போனைக் கையில் பிடித்துப் பயன்படுத்துவதைத்தான் குறி வைத்தது. ஓட்டிக்கொண்டே விபத்துக் காட்சி ஒன்றைப் போனில் வீடியோ எடுத்த ஒருவர், நான் யாரோடும் தொடர்புகொள்ளவில்லையே என்று வாதாடி 2019இல் உயர் நீதிமன்றம் வரை வென்றார். அந்தச் செயல் பாதுகாப்பானது என்று நீதிபதிகள் சொல்லவில்லை. கவனமின்றி ஓட்டுவது போன்ற வேறு குற்றங்களின் கீழ் வரலாம், இந்த விதியின் கீழ் வராது என்றுதான் சொன்னார்கள். 2022 மார்ச் 25 முதல் ஓட்டை அடைபட்டது. திரையை ஒளிரச் செய்வது, மணி பார்ப்பது, அழைப்பை நிராகரிப்பது, இணையம் இல்லாமல் பாட்டை மாற்றுவது என எல்லாமே இப்போது "பயன்படுத்துதல்". சிக்னலில் நிற்பது, வரிசையில் காத்திருப்பது, என்ஜின் தானாக அணைந்திருப்பது எதுவும் விலக்கு ஆகாது. நின்ற வண்டியிலிருந்து கடை ஜன்னலில் போனைக் காட்டிப் பணம் செலுத்துவதற்கும், நிறுத்த முடியாத இடத்தில் அவசர எண்ணை அழைப்பதற்கும் மட்டும் வாசல் திறந்திருக்கிறது. பிடிபட்டால் 200 பவுண்டு அபராதமும் லைசென்ஸில் 6 தண்டனைப் புள்ளிகளும். லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகாதவருக்கு 6 புள்ளி என்றால் லைசென்ஸே போய்விடும்.

தானாக அணையும் என்ஜின் பற்றி மிக நுணுக்கமாகச் சண்டை நடந்தது ஜெர்மனியில். வண்டி நின்று என்ஜினும் அணைந்திருந்தால் போனை எடுக்கலாம் என்பது அங்கே விதி. 2014இல் ஹாம் நகர மேல்நிலை நீதிமன்றத்துக்கு வந்த ஓட்டுநர், சிக்னலில் என்ஜின் தானாக அணைந்த நேரத்தில் போன் பேசியவர். அணைந்தது அணைந்ததுதானே, யார் அணைத்தார்கள் என்று சட்டம் கேட்கவில்லையே என்று நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2017 அக்டோபரில் சட்டம் பதில் சொன்னது: தானியங்கி அணைப்பு கணக்கில் வராது, என்ஜின் முழுமையாக நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். நம் ஓட்டுநருக்கு அங்கே 100 யூரோவும் ஒரு புள்ளியும். அவரே என்ஜினை நிறுத்தியிருந்தால் தண்டனை இல்லை. பிரான்ஸில் அந்த வழியும் குறுகியதுதான். வட்டச் சந்திப்பின் தடத்தில் எச்சரிக்கை விளக்கு போட்டு, என்ஜினை அணைத்து நின்று பேசியவரையும் போக்குவரத்தில் இருப்பவராகவே 2018 ஜனவரியில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதியது.

இந்தியச் சட்டம் இந்த வரிசையில் தனித்து நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவில், 2019 திருத்தம் வண்டி ஓட்டும்போது கையடக்கத் தொடர்புக் கருவியைப் பயன்படுத்துவதை ஆபத்தாக ஓட்டுவதன் ஒரு வகையாகச் சேர்த்தது. முதல் முறைக்கு அபராதம் ஆயிரத்திலிருந்து ஐயாயிரம் ரூபாய் வரை, அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். காகிதத்தில் பார்த்தால் பிரிட்டனைவிடக் கடுமை. ஆனால் 2020 அக்டோபரில் அமலுக்கு வந்த விதி, ஓட்டுநரின் கவனம் கலையாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் கையடக்கக் கருவியைப் பயன்படுத்தலாம் என்கிறது. ஹோல்டரில் இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. எனவே மற்ற இடங்களில் நம் ஓட்டுநரை மாட்டிவிட்ட அதே மேப், இங்கே அவருக்கு வாதமாகிறது. சிக்னலில் நிற்பது ஓட்டுவதா என்பதற்கும் 184ஆம் பிரிவில் நேரடி விடை இல்லை. நடுச்சாலையில் இதைத் தீர்மானிப்பவர் எதிரே நிற்கும் போலீஸ்காரர்தான். கடுமையான தண்டனையையும் தெளிவில்லாத எல்லையையும் ஒன்றாக வைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான சேர்க்கை என்பேன்.

எல்லைக் கோட்டைப் பொறுத்தவரை பிரிட்டனின் பதிலே எனக்குச் சரியாகப் படுகிறது. சிக்னலில் நிற்கும் வண்டியால் யாருக்கு ஆபத்து என்று கேட்பவர்கள், பச்சை விழுந்த பிறகான நொடிகளை மறந்துவிடுகிறார்கள். அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏஏஏவின் அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகத்தினர் செய்து 2015இல் வெளியான ஆய்வு, சில கார்களின் குரல்வழி அமைப்புகளைப் பயன்படுத்தி முடித்த பிறகும் 27 வினாடிகள் வரை கவனம் முழுதாகத் திரும்பவில்லை என்று கண்டது. அந்த நேரத்துக்குள் வண்டி சந்திப்பைக் கடந்துவிடும்.

ஆனால் இந்த ஆய்வு பிரிட்டன் சட்டத்தையும் சேர்த்துத்தான் கேள்வி கேட்கிறது. அது ஆராய்ந்தது கையில் போன் பிடித்தவர்களை அல்ல, குரலால் கட்டளை கொடுத்தவர்களை. ஹேண்ட்ஸ்-ப்ரீக்கு நாம் பார்த்த நாடுகளில் பொதுவான தடை இல்லை. கனடாவில் நடந்து 1997இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு, விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் அழைப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்தது. போன் பேசும்போது விபத்து வாய்ப்பு சுமார் நான்கு மடங்கு. கைகள் விடுபட்ட கருவியால் குறிப்பிடத்தக்க பாதுகாப்பு கிடைத்ததாக அதில் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்து 2005இல் வெளியான ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. பேச்சு தின்பது கையை அல்ல, கவனத்தை.

பிறகு ஏன் சட்டம் கையோடு நின்றுவிடுகிறது? சாட்சியம்தான் காரணம் என்று நினைக்கிறேன். கையில் போன் இருப்பதைப் போலீஸ்காரரால் பார்க்க முடியும், கேமராவால் படம் எடுக்க முடியும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் 2020 மார்ச் முதல் அப்படிப் படம் எடுத்தே அபராதம் போடுகிறது. அங்கே போன் மடியில் கிடப்பதே குற்றம் என்பதால், ஒரு படமே வழக்கை முடித்துவிடும். புளூடூத்தில் பேசுபவருக்கும் பாட்டோடு சேர்ந்து முணுமுணுப்பவருக்கும் கண்ணாடிக்கு வெளியிலிருந்து வித்தியாசம் தெரியாது.

அதனால் ஹேண்ட்ஸ்-ப்ரீயில் சட்டங்கள் ஓரங்களில்தான் கை வைத்திருக்கின்றன. பிரான்ஸ் 2015 ஜூலை முதல் இயர்போனைத் தடுத்தது, காரின் ஸ்பீக்கரில் பேசுவதை விட்டுவிட்டது. இருசக்கர வாகனத்தில் போகிறவர் ஹெல்மெட்டுக்குள் செருகும் போனும் இயர்போனும் அங்கே நடக்காது, ஹெல்மெட்டிலேயே பொருத்திய கருவிக்குத் தடை இல்லை. நியூ சவுத் வேல்ஸ் கற்றுக்கொள்பவர்களுக்கும் புதிய லைசென்ஸ்காரர்களுக்கும் ஹேண்ட்ஸ்-ப்ரீயையும் சேர்த்தே மறுக்கிறது. பிரிட்டனில் ஹேண்ட்ஸ்-ப்ரீ பேச்சு தனிக் குற்றம் இல்லை என்றாலும், அதனால் வண்டி கட்டுப்பாட்டில் இல்லை என்று தெரிந்தால் வேறு விதியின் கீழ் வழக்குப் போட முடியும். ஹேண்ட்ஸ்-ப்ரீ வைத்திருப்பவருக்கு அது கவசம் என்ற எண்ணம் விபத்துக்குப் பிறகு உதவாது.

நம் ஓட்டுநர் போனை மடியில் வைக்காமல் ஹோல்டரில் வைத்திருந்தால், மேப்பை ஒருமுறை பார்த்துக்கொண்டதற்காக இந்த நாடுகள் எதிலும் அவர் மீது இந்தப் பிரிவுகள் பாய்ந்திருக்காது. ஜெர்மனியில் சூழலுக்கு ஏற்ற குறுகிய பார்வைக்குச் சட்டமே இடம் தருகிறது. ஆனால் போகும் இடத்தை அந்த சிக்னலில் எழுத்தெழுத்தாகத் தட்டியிருந்தால் கலிஃபோர்னியாவில் மறுபடி மாட்டுவார். அங்கே ஹோல்டரில் இருக்கும் போனுக்கும் ஒரு தட்டலுக்கு மேல் அனுமதி இல்லை.